62ஆ, 63ஆ? உலக நீதிமன்ற வழக்கில் தலையிடச் சொல்லிக் கையெழுத்துத் திரட்டும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

ஹேக் நகரில் இருக்கும் உலக நீதிமன்றத்தில் ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது பெரிய வழக்கு ஒன்றைத் தொடுத்ததும் நீங்கள் களத்தில் இறங்கிவிடுகிறீர்கள். கையெழுத்துத் திரட்டுகிறீர்கள், அமைச்சர்களுக்குக் கடிதம் எழுதுகிறீர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கிறீர்கள். கோரிக்கை பெரும்பாலும் ஒரே வரிதான்: "நம் அரசும் இந்த வழக்கில் சேர வேண்டும்." உங்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். இந்த மடலை எழுதுவதும் அந்த மதிப்பினால்தான். ஆனால் அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு அரசால் எதையும் தாக்கல் செய்ய முடியாது. ஏதாவது செய்ய விரும்பாத அரசுக்கோ அந்த வரி மிகவும் வசதியானது. "பரிசீலிக்கிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காலக்கெடு முடியும்வரை சும்மா இருந்துவிடலாம்.

உலக நீதிமன்றத்தில் வழக்கு என்பது இரண்டு தரப்புகளுக்கு இடையே நடப்பது. மூன்றாவது நாடு ஒன்று அதில் தலையிட இரண்டே வழிகள் உண்டு. நீதிமன்றச் சாசனத்தின் 62ஆம் பிரிவு ஒன்று, 63ஆம் பிரிவு மற்றொன்று. இரண்டையும் 'தலையீடு' என்றுதான் அழைக்கிறார்கள். ஆனால் யார் நுழையலாம், உள்ளே போய் என்ன பேசலாம், தீர்ப்பு வந்தபின் எதற்குக் கட்டுப்பட வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் இவை தரும் விடைகள் வேறு வேறு.

முதலில் 62ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு வழக்கின் தீர்ப்பால் பாதிக்கப்படக்கூடிய சட்டரீதியான நலன் தனக்கு இருப்பதாக ஒரு நாடு கருதினால், தலையிட அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். அனுமதிப்பதா வேண்டாமா என்பதை மன்றம்தான் முடிவு செய்யும். விண்ணப்பத்தில் அந்த நலன் என்ன, தலையீட்டின் நோக்கம் துல்லியமாக என்ன, வழக்காடும் நாடுகளோடு தனக்கு ஏதாவது அதிகாரவரம்பு அடிப்படை, அதாவது அவற்றோடு தனக்குள்ள தகராறை மன்றம் விசாரிக்கலாம் என்ற சம்மதம், இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறதா என்பதையெல்லாம் எழுத வேண்டும். பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் இருவர் எல்லைக்காக வழக்காடும்போது, கோடு எங்கே போய் முடியும் என்று மூன்றாவது நிலக்காரர் கவலைப்படுகிறார் அல்லவா, அந்தக் கவலைக்கான பிரிவு இது. "எனக்கும் இதில் அக்கறை இருக்கிறது", "இது மனிதகுலத்தையே பாதிக்கிறது" என்பவை இங்கே போதாது. தனக்கென்று ஒரு சட்ட உரிமையோ கோரிக்கையோ இருக்க வேண்டும், இந்தத் தீர்ப்பு அதைத் தொடக்கூடும் என்று காட்ட வேண்டும்.

இந்தப் பிரிவின்கீழ் உலக நீதிமன்றம் முதன்முதலாக ஒரு நாட்டை அனுமதித்தது 1990இல்தான். மன்றம் 1946இல் செயல்படத் தொடங்கியது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கதவு எவ்வளவு இறுக்கமானது என்று புரியும். அந்த வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் 62 என்ன தருகிறது, என்ன தராது என்பதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஃபொன்சேகா வளைகுடா இருக்கிறது. எல் சல்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா ஆகிய மூன்று நாடுகள் அதன் கரையில் இருக்கின்றன. எல் சல்வடோரும் ஹோண்டுராசும் தங்களுக்குள் இருந்த நில எல்லை, தீவுகள், கடல் பகுதி பற்றிய தகராறுகளை 1986இல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு உலக நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒன்றிடம் ஒப்படைத்தன. நிகராகுவா அந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஆனால் எல் சல்வடோரின் வாதம் வளைகுடா நீர் மூன்று நாடுகளுக்கும் கூட்டு இறையாண்மையாகச் சொந்தமானது என்பது. 1917இல் அன்றைய மத்திய அமெரிக்க நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்திருந்தது. ஹோண்டுராஸ் அதை ஏற்கவில்லை. நலன்கள் பொதுவானவை, எனவே நீரைப் பிரித்துக் கோடு போடலாம் என்றது. நிகராகுவாவின் நிலையை எண்ணிப் பாருங்கள். மூன்று பேருக்குச் சொந்தமா இல்லையா என்ற கேள்வியை இரண்டு பேர் நின்று வாதாடுகிறார்கள்.

1989 நவம்பரில் நிகராகுவா 62ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பித்தது. 1990 செப்டம்பர் 13 அன்று அமர்வு ஒருமனதாக அனுமதித்தது. ஆனால் எதற்கு அனுமதித்தது? வளைகுடா நீரின் சட்டநிலை என்ற ஒரே விஷயத்துக்கு மட்டும். தீவுகள் யாருடையவை என்பதில் நிகராகுவா பேசக் கூடாது. வளைகுடாவுக்குள் எல் சல்வடோருக்கும் ஹோண்டுராசுக்கும் இடையே கோடு போடுவது பற்றிப் பேசக் கூடாது. வளைகுடாவுக்கு வெளியே இருக்கும் கடல் பற்றியும் பேசக் கூடாது. கூட்டு இறையாண்மை என்றால் அதன் இயல்பிலேயே மூவரின் உரிமையும் அடங்கியிருக்கிறது, அதனால் அந்த ஒன்றில் மட்டும் நிகராகுவாவின் நலன் பாதிக்கப்படக்கூடும் என்றது அமர்வு.

இன்னொரு முக்கியமான விஷயமும் அன்று தீர்மானமானது. நிகராகுவா வழக்கில் ஒரு தரப்பாக ஆகவில்லை. வழக்கு ஆவணங்களின் பிரதிகள் கிடைக்கும், எழுத்து மூலமாகவும் வாய்மொழியாகவும் கருத்துச் சொல்லலாம். அவ்வளவுதான். இப்படி, தரப்பாக ஆகாமல் தலையிடுவதற்கு, வழக்காடும் நாடுகளின் சம்மதமோ தனி அதிகாரவரம்பு அடிப்படையோ தேவையில்லை என்றது அமர்வு. தரப்பாகவே உள்ளே வர வேண்டுமென்றால் அந்த அடிப்படை வேண்டும். இன்றுவரை எந்த நாட்டையும் மன்றம் 62இன் வழியாக ஒரு தரப்பாக அனுமதித்தது கிடையாது. 1999இல் கேமரூன் - நைஜீரியா வழக்கில் எக்குவடோரியல் கினியாவும், 2011இல் ஜெர்மனி - இத்தாலி வழக்கில் கிரீஸும் அனுமதி பெற்றன. இரண்டுமே தரப்பாக ஆகாத தலையீடுகள்தான்.

1992இல் இறுதித் தீர்ப்பு வந்தது. கரையை ஒட்டிய மூன்று கடல் மைல் பட்டையை விட்டுவிட்டு, வளைகுடா நீர் மூன்று நாடுகளுக்கும் கூட்டாகச் சொந்தம் என்று பெரும்பான்மை சொன்னது. நிகராகுவா எதிர்த்து வாதிட்டது இதையேதான்! கூட்டு இறையாண்மை என்ற கருத்தை அது 1917இலிருந்தே ஏற்கவில்லை. அப்படியானால் நிகராகுவா இந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டதா? இல்லை. தரப்பாக இல்லாத நாட்டைத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்று அமர்வே சொல்லிவிட்டது. முதல் விண்ணப்பத்தில், தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம் என்று நிகராகுவா எழுதியிருந்தது. தரப்பாக அனுமதி கிடைக்காததால் பிறகு அந்த நிலையை மாற்றிக்கொண்டது. அதையும் அமர்வு கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆக, 62இன் வழியாக வந்த நாடு தன் வாதத்தில் தோற்றது; ஆனாலும் அந்தத் தோல்வி அதைச் சட்டப்படி கட்டவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 63இல் இது தலைகீழாகும்.

அதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். 62இல் மறுக்கப்பட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்க வேண்டாம். 1984இல் லிபியா - மால்டா வழக்கில் இத்தாலி விண்ணப்பித்தது, மன்றம் மறுத்தது. இத்தாலி உண்மையில் தன் உரிமைகளையே தீர்மானிக்கச் சொல்லிக் கேட்கிறது, அது புதிய வழக்கு ஒன்றை இதற்குள் கொண்டுவருவதாகும் என்பது காரணம். ஆனால் மறு ஆண்டு தீர்ப்பளித்தபோது, இத்தாலி உரிமை கோராத பகுதிக்குள்ளேயே மன்றம் தன் கோட்டை நிறுத்திக்கொண்டது. விண்ணப்பத்தில் இத்தாலி சொன்ன தகவல்களை வைத்துத்தான் எங்கே நிறுத்துவது என்றே தீர்மானிக்க முடிந்தது. 2011இல் நிகராகுவா - கொலம்பியா வழக்கில் கோஸ்டா ரிக்காவின் விண்ணப்பத்தை 9க்கு 7 என்ற வாக்கில் மன்றம் மறுத்தது. நலன் இருக்கிறது, ஆனால் தீர்ப்பால் அது பாதிக்கப்படக்கூடும் என்று காட்டவில்லை என்றார்கள். மூன்றாம் நாட்டின் பகுதியைத் தொடுவதற்கு முன்பே கோட்டை நிறுத்திவிடுவோம், பிறகு என்ன பாதிப்பு என்பது அவர்கள் தர்க்கம். ஏழு நீதிபதிகளுக்கு இது சரியாகப் படவில்லை. எனக்கும்தான். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மன்றம் அறிந்துகொள்வதே அந்த நாடு வந்து சொல்வதால்தான். அப்படிப்பட்ட நாட்டை வாசலிலேயே நிறுத்திவிட்டு அது சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமாகத் தோன்றவில்லை. ஆனால் நடைமுறை இப்படித்தான் இருக்கிறது. கடல் எல்லை வழக்குகளில் உங்கள் அரசு விண்ணப்பித்து மறுக்கப்பட்டால், "அவமானம்" என்று அறிக்கை விடுவதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

இனி 63. உங்கள் இயக்கங்களில் பெரும்பாலானவை உண்மையில் கேட்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு வழக்கில் பல நாடுகள் சேர்ந்து கையெழுத்திட்ட உடன்படிக்கை ஒன்றுக்கு என்ன பொருள் கொள்வது என்ற கேள்வி எழுந்தால், அந்த உடன்படிக்கையில் இருக்கும் மற்ற எல்லா நாடுகளுக்கும் மன்றத்தின் பதிவாளர் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அப்படி அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு நாட்டுக்கும் தலையிட உரிமை உண்டு. இங்கே அனுமதி கேட்கும் விண்ணப்பம் கிடையாது, ஒரு பிரகடனம் தாக்கல் செய்தால் போதும். தனிப்பட்ட நலன் பாதிக்கப்படுகிறது என்று காட்டவும் தேவையில்லை. உடன்படிக்கையில் உறுப்பு நாடாக இருப்பதே போதும். 1948ஆம் ஆண்டின் இனப்படுகொலை உடன்படிக்கையில் 150க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. அந்த உடன்படிக்கையின் பேரில் வரும் ஒவ்வொரு வழக்கிலும் அத்தனை நாடுகளுக்கும் இந்த உரிமை இருக்கிறது.

ஆனால் உரிமை என்பதற்காக மன்றம் பிரகடனத்தைப் படிக்காமல் உள்ளே விடுவதில்லை. 1984இல், அமெரிக்கா மீது நிகராகுவா தொடுத்த வழக்கில் எல் சல்வடோர் 63இன்கீழ் தாக்கல் செய்த பிரகடனத்தை அதிகாரவரம்பு விசாரணைக் கட்டத்தில் மன்றம் ஏற்கவில்லை. அந்தப் பிரகடனம் உடன்படிக்கையின் பொருளைப் பற்றிப் பேசியதைவிட வழக்கின் விவகாரத்தையே பேசியது. இந்தக் கோடுதான் 63இன் உயிர். இந்தச் சொற்றொடருக்கு இதுதான் பொருள் என்று வாதிடலாம். இந்த நாடு இன்னின்ன தேதியில் இன்னின்ன குற்றம் செய்தது என்று வாதிட முடியாது. சாட்சியங்கள் கொண்டுவர முடியாது. யார் குற்றவாளி என்று தீர்ப்பு கேட்க முடியாது.

உங்கள் மனுக்களில் நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. "நம்மிடம் இருக்கும் ஆதாரங்களை மன்றத்தின் முன் வைக்க அரசு வழக்கில் சேர வேண்டும்" என்று கேட்கிறீர்கள். 63 அதற்கான வழி அல்ல. அப்படி ஆதாரம் வைக்கும் பிரகடனத்தின் அந்தப் பகுதிகளை மன்றம் ஒதுக்கிவிடும்.

சரி, 63இல் வந்து என்ன ஆகும் என்பதற்கு 2022இல் உக்ரைன் ரஷ்யா மீது தொடுத்த வழக்கைப் பார்ப்போம். அதன் அமைப்பே விசித்திரமானது. உக்ரைன் கிழக்குப் பகுதியில் இனப்படுகொலை செய்கிறது என்று சொல்லி ரஷ்யா படையெடுத்தது. உக்ரைன் பிப்ரவரி 26 அன்று மன்றத்துக்குப் போய், "நாங்கள் இனப்படுகொலை செய்யவில்லை என்று அறிவியுங்கள். பொய்யாக அப்படிக் குற்றம்சாட்டி அதை வைத்துப் படையெடுப்பது இனப்படுகொலை உடன்படிக்கையையே மீறுவதாகும்" என்றது. அந்த ஆண்டு ஜூலையில் லாட்வியாவில் தொடங்கி நாடு நாடாகப் பிரகடனங்கள் வந்தன. மொத்தம் 33 நாடுகள். மன்றத்தின் வரலாற்றில் அதுவரை அப்படி நடந்ததில்லை.

ரஷ்யா கடுமையாக எதிர்த்தது. இந்த நாடுகளுக்கு உடன்படிக்கையின் பொருள் பற்றி அக்கறை இல்லை, உக்ரைன் பக்கம் சேர்ந்து நிற்கத்தான் வருகின்றன, இத்தனை பேர் ஒரு பக்கம் நின்றால் தரப்புகளின் சமத்துவம் என்ன ஆவது என்று கேட்டது. 2023 ஜூன் 5 அன்று மன்றம் உத்தரவிட்டது. ஒரு நாடு என்ன நோக்கத்தோடு வருகிறது என்பதை ஆராய்வது தன் வேலை அல்ல, பிரகடனம் உடன்படிக்கையின் பொருளைப் பற்றியதா என்று மட்டுமே பார்க்கும் என்றது. தலையிடும் நாடு தரப்பாக ஆவதில்லை, எனவே சமத்துவம் கெடாது என்றது. 1984க்கு மாறாக, அதிகாரவரம்பு பற்றிய முதற்கட்ட விசாரணையிலும் தலையிடலாம் என்று 32 நாடுகளை ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் கட்டத்துக்குத் தேவையான பிரிவுகளின் பொருளைப் பற்றி மட்டும்தான் பேச முடியும். அதைத் தாண்டி அந்த நாடுகள் சொல்லும் எதையும் கணக்கில் எடுக்க மாட்டோம் என்றும் எழுதியது.

விடுபட்ட ஒரு நாடு அமெரிக்கா. இது உங்கள் வேலைக்கு நேரடியாகத் தேவைப்படும் தகவல், அதனால் காரணத்தையும் சொல்கிறேன். உடன்படிக்கையின் 9ஆம் பிரிவுதான் தகராறுகளை உலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வழிசெய்கிறது. அமெரிக்கா உடன்படிக்கையில் சேர்ந்தபோது, தன் தனிச் சம்மதம் இல்லாமல் அந்தப் பிரிவு தனக்குப் பொருந்தாது என்று விலக்கு எழுதிவைத்துச் சேர்ந்தது. 9ஆம் பிரிவுக்குக் கட்டுப்படாத நாடு 9ஆம் பிரிவின் பொருளைப் பற்றித் தலையிட முடியாது என்றது மன்றம். உங்கள் அரசும் இதுபோன்ற விலக்கு வைத்துச் சேர்ந்திருந்தால், முதற்கட்ட விசாரணையில் அதற்கும் இதே கதிதான். உடன்படிக்கைகளில் யார் என்ன விலக்கு வைத்திருக்கிறார்கள் என்பதை ஐக்கிய நாடுகள் சபை வெளிப்படையாகவே பட்டியலிட்டிருக்கிறது. மனு எழுதும் முன்பே அதைப் பார்த்துவிடுவது நல்லது.

2024 பிப்ரவரி 2 அன்று முதற்கட்டத் தீர்ப்பு வந்தது. உக்ரைன் இனப்படுகொலை செய்யவில்லை என்று அறிவிக்கக் கேட்கும் பகுதியை விசாரிக்கலாம் என்றது மன்றம். ஆனால் ரஷ்யாவின் படையெடுப்பு உடன்படிக்கையை மீறுகிறது என்ற பகுதி தன் வரம்புக்குள் வராது என்று 12க்கு 4 வாக்கில் தள்ளிவிட்டது. ஒரு நாடு இன்னொரு நாட்டின் மீது கெட்ட எண்ணத்தோடு இனப்படுகொலைக் குற்றம் சுமத்தியிருந்தாலும், அதன் பேரில் ராணுவ நடவடிக்கை எடுத்திருந்தாலும், அதுவே இந்த உடன்படிக்கையின் 1ஆம், 4ஆம் பிரிவுகளை மீறுவதாகாது என்று பொருள் கொண்டது.

தலையிட்ட நாடுகளில் பெரும்பாலானவை உடன்படிக்கைக்கு விரிவான பொருள் கொள்ளும்படிதான் வாதிட்டிருந்தன. அவர்கள் விரும்பிய பொருள் முக்கியமான இடத்தில் ஏற்கப்படவில்லை. 63ஆம் பிரிவின் கடைசி வாக்கியமோ, இந்த உரிமையைப் பயன்படுத்தும் நாட்டை, தீர்ப்பு கொள்ளும் பொருள் வழக்காடிய நாடுகளைப் போலவே கட்டுப்படுத்தும் என்கிறது. ஃபொன்சேகாவில் தோற்ற நிகராகுவா கட்டுப்படவில்லை. இங்கே இந்த 32 நாடுகளும் கட்டுப்படுகின்றன. நாளை இவற்றில் ஒன்று, பொய்யான இனப்படுகொலைக் குற்றச்சாட்டின் பேரில் தாக்கப்பட்டு மன்றத்துக்குப் போனால், இதே பொருள் அதன் முன்னால் வந்து நிற்கும். தீர்ப்பில் யார் என்ன செய்தார்கள் என்ற பகுதி அவர்களைக் கட்டாது, பொருள் கொண்ட பகுதி மட்டுமே கட்டும். அது சிறிய விஷயம் இல்லை.

இதனால் 63 வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லவே இல்லை. சரியாகப் பயன்படுத்தினால் 62ஐவிடப் பல மடங்கு பயனுள்ள வழி அது. 2023 நவம்பர் 15 அன்று, ரோஹிங்கியா மக்களை இனப்படுகொலை செய்ததாக மியான்மர் மீது காம்பியா தொடுத்த வழக்கில் கனடா, டென்மார்க், பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய ஆறு நாடுகள் சேர்ந்து ஒரே பிரகடனம் தாக்கல் செய்தன. நல்ல பிரகடனம் எப்படி இருக்கும் என்று காட்ட நான் அதைத்தான் சொல்வேன். உடன்படிக்கையின் 2ஆம் பிரிவில் வரும் 'கடுமையான உடல் அல்லது மனத் தீங்கு' என்பது குழந்தைகளைப் பொறுத்தவரை எப்படி அளக்கப்பட வேண்டும், பாலியல் வன்முறையும் கட்டாய இடப்பெயர்வும் எப்படி இதற்குள் வரும், அழிக்கும் நோக்கத்தைச் சூழ்நிலைச் சான்றுகளிலிருந்து ஊகிக்கும்போது எவ்வளவு கண்டிப்பு வேண்டும் என்று குறிப்பான கேள்விகளை எடுத்துக்கொண்டது. மன்றம் அதை 2024 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. ஆறு நாடுகள் ஒரே ஆவணமாகக் கொடுத்ததால், ஒரே வாதத்தை ஆறுமுறை கேட்க வேண்டிய சுமை நீதிபதிகளுக்கு இல்லாமலும் போயிற்று.

இந்தப் பிரகடனம் வந்து ஆறே வாரத்தில், 2023 டிசம்பர் 29 அன்று, தென்னாப்பிரிக்கா இஸ்ரேல் மீது வழக்குத் தொடுத்தது. அதே உடன்படிக்கை, அதே 2ஆம் பிரிவு. ஒரு வழக்கில் 'குழந்தைகளுக்கு நேர்ந்த தீங்கை இப்படி அளக்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்த அரசுகள், இன்னொரு வழக்கில் வேறு அளவுகோலைப் பேச முடியாமல் அந்தப் பிரகடனம் நிற்கிறது. 63இன் உண்மையான பலம் இந்த இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு அரசு எந்தப் பொருளில் நிற்கிறது என்பதை எழுத்தில், கையெழுத்தோடு வாங்கிவைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பிரகடனங்கள் மன்றத்தின் இணையதளத்திலேயே வெளியாகின்றன, யாரும் படிக்கலாம்.

தென்னாப்பிரிக்கா வழக்கில் இன்னொன்றும் நடந்தது. 2024 தொடக்கத்தில் நிகராகுவா 62ஆம் பிரிவின்கீழ் ஒரு தரப்பாகவே சேர அனுமதி கேட்டது. இனப்படுகொலையைத் தடுக்கும் கடமை ஒவ்வொரு நாட்டுக்கும் மற்ற எல்லா நாடுகளிடமும் இருக்கிறது என்பது அதன் அடிப்படை. எல்லோருக்கும் பொதுவான கடமையை, 62 கேட்கும் 'தனக்கென்ற நலனாக' மன்றம் ஏற்குமா என்பது மிகவும் சுவையான கேள்வி. விடை கிடைக்கவில்லை. 2025இல் நிகராகுவா தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதனால் பொதுக்கடமையின் பேரில் 62ஐக் கேட்கும் மனுக்கள் இன்னும் சோதிக்கப்படாத நிலத்தில்தான் நிற்கின்றன. கேட்பதாக இருந்தால் அதைத் தெரிந்துகொண்டே கேளுங்கள்.

காலக்கெடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் 63இன் பிரகடனத்தை வாய்மொழி விசாரணை தொடங்குவதற்குச் சற்று முன்புவரை தாக்கல் செய்ய முடிந்தது. 2024 ஜூன் 1 முதல் நடைமுறை விதிகள் மாறிவிட்டன. பிரதிவாதி நாடு தன் எழுத்துப்பூர்வ எதிர்வாதத்தைத் தாக்கல் செய்யக் குறிக்கப்பட்ட தேதிதான் இப்போது பொதுவான கடைசி நாள், 62க்கும் 63க்கும். அந்தத் தேதியை மன்றம் உத்தரவில் வெளியிடும், சில சமயம் நீட்டிக்கும். உங்கள் இயக்கத்தின் நாட்காட்டியில் முதலில் குறிக்க வேண்டியது அந்தத் தேதிதான். இடைக்கால உத்தரவு விசாரணை நடக்கும் நாட்களில்தான் செய்தித்தாள்கள் வழக்கைப் பற்றி எழுதுகின்றன, உங்களுக்கும் அப்போதுதான் கையெழுத்துகள் குவிகின்றன. எதிர்வாதத் தேதி ஓராண்டு, ஈராண்டு கழித்து, யாரும் கவனிக்காத ஒரு நாளில் வந்து போய்விடுகிறது.

ஆகவே அடுத்த மனுவில் அந்த ஒரு வரிக்குப் பதிலாக நான்கைந்து வரிகள் எழுதுங்கள். எந்தப் பிரிவின்கீழ் என்று குறிப்பிடுங்கள். 62 என்றால், நம் நாட்டுக்கென்று உள்ள எந்த உரிமை இந்தத் தீர்ப்பால் தொடப்படும் என்று சொல்லுங்கள். அது முடியவில்லை என்றால் 62ஐ விட்டுவிடுங்கள். 63 என்றால், உடன்படிக்கையின் எந்தப் பிரிவுக்கு எந்தப் பொருளை அரசு முன்வைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அந்தப் பொருளுக்கு நாளை நம் அரசே கட்டுப்பட வேண்டியிருக்கும் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். அரசின் சட்ட ஆலோசகர் முதலில் எழுப்பப்போகும் ஆட்சேபம் அதுதான். நீங்களே அதைச் சொல்லி, இருந்தாலும் ஏன் வேண்டும் என்று வாதிட்டால் அவரால் எளிதாகத் தட்டிக்கழிக்க முடியாது. பிரகடனத்தின் வரைவைத் தாக்கல் செய்வதற்கு முன் நாடாளுமன்றக் குழு ஒன்றுக்காவது காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் கையில் இருப்பது ஆதாரங்கள்தான், சாட்சியங்கள்தான், அவற்றைத்தான் மன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்றால், தலையீட்டையே கேட்காதீர்கள். ஒன்று, வழக்காடும் நாட்டின் வழக்கறிஞர் குழுவிடம் அவற்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அல்லது, உங்கள் அரசே தனி வழக்குத் தொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். காம்பியாவுக்கு மியான்மரோடு எல்லையும் கிடையாது, பாதிக்கப்பட்டவர்கள் அதன் குடிமக்களும் அல்ல. 2019 நவம்பரில் அது வழக்குத் தொடுத்தபோது இதையே மியான்மர் ஆட்சேபமாக எழுப்பியது. உடன்படிக்கையின் எந்த உறுப்பு நாடும் இன்னொரு உறுப்பு நாட்டின் மீது வழக்குத் தொடுக்கலாம் என்று 2022 ஜூலை 22 அன்று மன்றம் தீர்ப்பளித்தது. அதே வழி உங்கள் அரசுக்கும் திறந்திருக்கிறது, 9ஆம் பிரிவில் இரு நாடுகளில் எதுவும் விலக்கு வைத்திருக்காத வரை.

அன்புடன்,
இந்த வழக்குகளின் உத்தரவுகளைத் தொடர்ந்து படித்துவரும் ஒரு வாசகர்